வாதங்கள் மோத வேண்டும்: பேரியத்தை வைத்து ஒரு ரசனைப் பாடம்

கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்பதால் விருதுநகர் மாவட்டத்தில் படித்த எல்லாரிடமும் பட்டாசைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பாவது இருக்கும். இந்தியப் பட்டாசில் மிகப் பெரும் பங்கு சிவகாசிப் பக்கம் தயாராகிறது, பல லட்சம் பேருக்கு அதுதான் பிழைப்பு, தீபாவளி இரவில் காற்று கெடுகிறது, 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பசுமைப் பட்டாசு. தேர்வுக்கு இது போதும். தேர்வு முடிந்ததும் அந்த நோட்டு பழைய புத்தகக் கடைக்குப் போய்விடுகிறது. அந்த இரண்டு பக்கத்திலிருந்து ஆதரவும் எதிர்ப்புமாக ஒரு வாதக் குறிப்பு எழுதிப் பார்ப்பதில் எத்தனை சுவை இருக்கிறது என்று சொன்னால், "அது வக்கீல் வேலை" என்று விலகிப் போகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான். வெம்பக்கோட்டையிலும் தாயில்பட்டியிலும் பிறந்த பிள்ளைகளுக்கு மருந்து என்றால் என்ன, திரி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாதத்துக்கு வேண்டிய சரக்கு பாதி அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது நடந்ததா, ஒருவர் சொல்வதா, அல்லது இப்படி இருக்க வேண்டும் என்ற விருப்பமா என்று பிரித்துக்கொள்ளுங்கள். "2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு வந்தது" என்பது நடந்தது. "மாற்று மருந்தால் பட்டாசு சரியாக எரியாது" என்பது ஒரு தரப்பு சொல்வது. "குழந்தைகளின் மூச்சுக்கு முதலிடம்" என்பது விருப்பம். பிறகு ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு தீர்மானத்தை எழுதுங்கள். அதற்குக் கீழே இரண்டு பக்கம் பிரியுங்கள். ஒவ்வொரு வாதத்துக்கும் பக்கத்தில் அதன் பலவீனத்தையும் நீங்களே எழுதுங்கள். முறை இவ்வளவுதான். இதை எந்தக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம்.

எந்தக் கையேடும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சில வாதங்கள் மோதும், சில வாதங்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒதுங்கிப் போகும். நல்ல குறிப்பையும் வெறும் குறிப்பையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒன்றுதான்.

"பட்டாசு காற்றைக் கெடுக்கிறது" என்று ஒரு பக்கம். "பட்டாசு பல லட்சம் பேருக்குச் சோறு போடுகிறது" என்று மறுபக்கம். இவை எதிரெதிர் போலத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம், இருக்கவும் செய்கின்றன. முதலாவதை எவ்வளவு ஆதாரத்தோடு நிறுவினாலும் இரண்டாவது ஒரு அங்குலம்கூட நகராது. தேர் இரண்டும் வேறு வேறு தெருவில் போகின்றன. நம் மேடைப் பட்டிமன்றங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. ஒருவர் கண்ணீர் வரவழைப்பார், அடுத்தவர் சிரிப்பு வரவழைப்பார், நடுவர் இரண்டும் தேவை என்று முடிப்பார். தொலைக்காட்சி விவாதம் அதைவிட மோசம்: தீபாவளிக்கு முந்தைய வாரம் நாலு பேரை உட்காரவைத்து, டெல்லிப் புகைப்படத்தையும் சிவகாசித் தொழிலாளியின் முகத்தையும் மாறி மாறிக் காட்டுவதற்குச் சமநிலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து என்று எண்ணி வைப்பதால் சமநிலை வராது. இரண்டு பக்கமும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் அது வரும்.

அந்தக் கேள்வியை எப்படிக் கண்டுபிடிப்பது? தீர்மானத்தைச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். "பட்டாசு தேவையா" என்பது மிகவும் அகலம். டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் சார்பில் 2015இல் தொடுத்த அர்ஜுன் கோபால் வழக்கில், 2018இல் நீதிமன்றமே முழுத் தடையை ஏற்கவில்லை. பேரியம் உப்புகளைத் தடை செய்தது, சரவெடியைத் தடை செய்தது, வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறுக்கியது. தமிழ்நாட்டுக்காரர்கள் விடியற்காலையில் வெடிப்பவர்கள் என்பதால் இங்கே காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று அரசு பிரித்துக்கொண்டது. இவற்றில் எதை எடுத்தாலும் ஒரு தீர்மானம் கிடைக்கும். நான் பேரியத்தை எடுப்பேன். "பேரியம் நைட்ரேட்டைக் குறைந்த அளவில், கண்காணிப்போடு, மீண்டும் அனுமதிக்க வேண்டும்." தயாரிப்பாளர்கள் நீதிமன்றத்தில் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். 2023 செப்டம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இரண்டு பக்கமும் மெய்யாகவே நின்று வாதாடிய களம் என்பதால் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது.

தீர்மானம் சுருங்கியதும் குறிப்பில் பாதி தானாக உதிர்ந்துவிடும். 2012இல் முதலிபட்டியில் நடந்த கோர விபத்து உதிரும். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் பேரியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த விபத்து எழுப்பும் கேள்விகள் அப்படியே நிற்கும். அதற்குத் தனியாக ஒரு தீர்மானம் வேண்டும். நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்ற ஒலி வரம்பும் உதிரும்.

மிஞ்சுவதைப் பாருங்கள். பேரியம் நைட்ரேட் எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும் உப்பு. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் ஆகியவற்றில் அலுமினியத் தூளோடு சேர்ந்து வேலை செய்யும். பச்சை நிறமும் அதிலிருந்து வருவதுதான். காற்றின் ஈரத்தை எளிதில் இழுக்காது என்பதால் மாதக்கணக்கில் கிட்டங்கியில் கிடந்தாலும் சரக்கு நமத்துப்போகாது. ஆதரவுத் தரப்பின் முதல் வாதம் இங்கே பிறக்கிறது: ஆண்டு முழுவதும் செய்து ஒரே பண்டிகைக்கு விற்கும் தொழிலுக்கு இப்படிப்பட்ட உப்பு வேண்டும். எதிர்ப்புத் தரப்பு வேதியியலிலேயே பதில் சொல்லும்: நீரில் கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு. எரிந்த பின் வரும் புகையிலும் பேரியம் இருக்கிறது, தீபாவளி இரவுகளில் நகரக் காற்றில் அது எகிறுவதை ஆய்வுகள் அளந்திருக்கின்றன. உடனே ஆதரவுத் தரப்பு, அது சில மணி நேரம்தானே என்று கேட்கும். எதிர்ப்புத் தரப்பு என்ன சொல்லும்? ஆஸ்துமா உள்ள குழந்தைக்குச் சில மணி நேரமே அதிகம் என்று சொல்லும். சரி. அதோடு நிறுத்தினால் நீங்கள் ரசிகர் ஆகவில்லை. இன்னும் ஒரு படி இறங்கினால், தீபாவளி ஒரு நாள்தான், அந்தத் தூளைக் கையால் அள்ளிக் கலக்கும் தொழிலாளிக்கோ வருஷம் முழுக்க என்பது தெரியும். இவ்வளவு நேரமும் ஆதரவுப் பக்கத்தில் நின்ற தொழிலாளி இப்போது எதிர்ப்புப் பக்கத்துக்கும் சாட்சி ஆகிவிட்டார். அவருடைய கூலியும் அவருடைய நுரையீரலும் ஒரே கேள்விக்குள் வந்துவிட்டன. நான் மோதல் என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில் சிபிஐ விசாரித்தது. தடை இருந்தும் சில ஆலைகளின் மாதிரிகளில் பேரியம் இருந்தது 2021இல் நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒரே தகவல், அதை யார் வேண்டுமானாலும் தூக்கலாம். எதிர்ப்புத் தரப்பு, முழுத் தடை இருக்கும்போதே இப்படி என்றால் அளவோடு அனுமதித்தால் என்ன ஆகும் என்று கேட்கும். ஆதரவுத் தரப்பு அதே தகவலைக் காட்டி, தடை வேலை செய்யவில்லை என்பதற்கு இதுதானே சாட்சி, ஒளிந்து செய்வதைவிடக் கணக்கோடு செய்யட்டும் என்று சொல்லும். இரண்டும் நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கே தீர்ப்பது?

ஆய்வகத்தில் தீர்க்கலாம். ஒரு மருந்துக் கலவையில் பேரியம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது சுலபம். பச்சைச் சுவாலை காட்டிக்கொடுக்கும், கரைசலில் சல்பேட்டைச் சேர்த்தால் வெள்ளையாகப் படியும், பள்ளிச் சோதனைக்கூடத்திலேயே செய்வதுதான். எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு மட்டும் கருவியும் ஆளும் நேரமும் வேண்டும். முழுத் தடையில், இருந்தாலே குற்றம் என்பதால் ஆய்வாளர் வேலை முடிந்தது. அளவோடு அனுமதித்தால் ஒவ்வொரு மாதிரியையும் அளந்தாக வேண்டும். எதிர்ப்புத் தரப்புக்கு இது வலுவான பிடி. ஆதரவுத் தரப்புக்கும் பதில் உண்டு: உரிமம் உள்ள ஆலையை ஆய்வாளர் பார்க்கலாம், உரிமமே இல்லாமல் வீட்டுக்குள் திரி செருகுகிற இடத்தை யார் பார்ப்பது? தடை கடுமையாக ஆக வேலை அங்கே நகர்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். ஒரு நோட்டு வரி இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டது.

பசுமைப் பட்டாசு விஷயத்திலும் இதே கண்ணோடு பாருங்கள். நீரி நிறுவனத்தின் கலவைகளில் தூசுப் புகை குறைந்தது 30 சதவீதம் குறைகிறது. சாதாரணப் பட்டாசு ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. ஊர்க் காற்றைத் தீர்மானிப்பது ஒரு பட்டாசின் புகையை மொத்த எண்ணிக்கையால் பெருக்கி வருவது. பசுமை என்ற பெயரை நம்பி மக்கள் கூடுதலாக வாங்கினால் அந்த 30 போய்விடும். பசுமை என்ற முத்திரையைப் பார்த்ததும் கைதட்டும் கட்டுரைகளும், அதை வெறும் ஏமாற்று என்று ஒரே வரியில் ஒதுக்கும் கட்டுரைகளும் எனக்கு ஒன்றுதான். இரண்டுமே பெருக்கிப் பார்க்கவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: குறிப்பு எழுதி முடித்ததும் நான் ஒரு சோதனை செய்வேன். நமக்கு மனதுக்குள் எந்தப் பக்கம் பிடிக்கும் என்பது நமக்கே தெரியும். அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு, மற்றப் பக்கத்தைத் திருத்தங்கலில் ஆலை வைத்திருக்கும் ஒருவரிடமோ, பிள்ளைக்கு இளைப்பு உள்ள ஒரு தாயிடமோ படிக்கக் கொடுங்கள். "நான் சொல்ல நினைத்தது இதுதான்" என்று அவர் சொல்ல வேண்டும். "நான் இப்படியா பேசினேன்" என்று கேட்டால் திரும்ப எழுதுங்கள். சொந்தக்காரர் ஒருவராவது பட்டாசு ஆபீஸுக்கு வேலைக்குப் போகாத வீடு நம் பக்கம் அபூர்வம் என்பதால், சோதிக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

பழைய நோட்டைத் தேடி எடுங்கள். பேரியம் வேண்டாம் என்றால் சரவெடியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று, ஒலி, குப்பை மூன்றுக்காகவும் அதைத் தடை செய்வதாக நீதிமன்றம் சொன்னது. அதைக் கையால் பின்னிக் கூலி வாங்கியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். முதலில் அவர்களிடம் போய்க் கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள்.