வெள்ளி விட்டுப்போன கட்டம்

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் ‘சுமே ஷோகி’ என்றொரு புதிர் வகை உண்டு. தாக்குபவர் ஒவ்வொரு நகர்விலும் செக் வைத்தே ஆக வேண்டும். இடையில் ஒரு நகர்வுகூட அமைதியாக ஆட முடியாது. கையிருப்பில் உள்ள காய்களைப் பலகையில் இறக்கியும் செக் வைக்கலாம். காப்பவர் தன்னால் முடிந்தவரை நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். இந்த வகையில் ஆரம்பப் பாடமாகக் கருதப்படுவது மூன்று நகர்வுப் புதிர். நம் செஸ் வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷோகியில் இரு தரப்பு நகர்வுகளையும் தனித்தனியே எண்ணுவார்கள். ஆகவே மூன்று என்றால் நான், நீ, மறுபடி நான். செஸ் கணக்கில் இது ‘இரண்டில் மேட்’. 1755-இல் இதோ கன்ஜு தொகுத்த புகழ்பெற்ற புதிர் நூலில் 611 நகர்வுகள் ஓடும் புதிர்கூட இருக்கிறது. அதன் பக்கத்தில் வைத்தால் மூன்று நகர்வு சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். ஆனால் அந்த மூன்றில் நடுவில் இருப்பது எதிராளியின் நகர்வு. புதிரின் முழு எடையும் அந்த நடு நகர்வின் மேல்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

வாதத்தைப் பலகையில் வைத்துப் பார்ப்போம். ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கள். வரிசைகளை வலமிருந்து இடமாகவும் மேலிருந்து கீழாகவும் எண்ண வேண்டும். எதிராளியின் ராஜா 1-1-இல், அதாவது வலது மேல் மூலையில் ஒண்டியிருக்கிறது. அதன் பக்கத்துக் கட்டமான 2-1-இல் அவருடைய வெள்ளிக் காய். தாக்குபவருக்குப் பலகையில் இரண்டே காய்கள்: 1-3-இல் ஒரு சிப்பாய், 3-3-இல் ஒரு வெள்ளி. கையிருப்பில் ஒரு தங்கம், ஒரு பிஷப். தங்கம் முன்னே மூன்று பக்கமும், இரு பக்கவாட்டிலும், நேர் பின்னேயும் ஒரு கட்டம் போகும். வெள்ளி முன்னே மூன்று பக்கமும், பின்மூலைகள் இரண்டுக்கும் போகும். பக்கவாட்டில் போகாது, நேர் பின்னேயும் போகாது. பிஷப் செஸ்ஸில் போலவே மூலைவாட்டில் எவ்வளவு தூரமும் ஓடும். ஷோகிச் சிப்பாய் நேர் முன்னே ஒரு கட்டம் நகரும், வெட்டுவதும் அப்படியே. இதற்கு மேல் நடை விதி எதுவும் இந்தப் புதிருக்குத் தேவையில்லை.

பார்த்தவுடன் கண்ணில் படும் நகர்வு, தங்கத்தை 1-2-இல் இறக்குவது. கீழே 1-3-இல் சிப்பாய் தாங்கி நிற்பதால் ராஜா அதை வெட்ட முடியாது. தங்கம் 2-2-ஐப் பக்கவாட்டில் அடைத்துவிடுகிறது, 2-1-இல் ராஜாவின் சொந்தக் காயே வழிமறிக்கிறது. ஒரே நகர்வில் முடிந்துவிட்டது போலத் தோன்றும். முடியவில்லை, ஏனென்றால் 2-1-இல் நிற்கும் வெள்ளி மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறது. அதன் முன்மூலைதான் 1-2. தங்கத்தை அது வெட்டிவிடும். விடாமல் பிஷப்பை 2-2-இல் இறக்கி இன்னொரு செக் வைத்தாலும், வெள்ளி காலி செய்துவிட்டுப் போன 2-1-க்கு ராஜா நகர்ந்துகொள்ளும். மூலைவாட்டில் மட்டுமே பார்க்கும் பிஷப்புக்கு அந்தக் கட்டம் எட்டாது. தங்கமோ இப்போது எதிராளியின் கையில்.

விடை, பிஷப்பை முதலில் 2-2-இல் இறக்குவது. ஷோகியில் பெரிய காய்கள் இரண்டே, அவற்றில் ஒன்றை ராஜாவின் மூக்குக்கு நேரே வைத்து ‘எடுத்துக்கொள்’ என்கிறோம். 3-3-இல் நம் வெள்ளி காவல் நிற்பதால் ராஜா அதைத் தொட முடியாது. 1-2-க்கு ஓடலாம் என்றால் அங்கே சிப்பாயின் பார்வை. பிஷப் ஒட்டி நிற்பதால் குறுக்கே காய் இறக்கித் தடுக்கவும் இடமில்லை. மிச்சம் இருப்பது ஒரே வழி: 2-1-இல் உள்ள வெள்ளி இறங்கி வந்து பிஷப்பை வெட்டுவது. வெட்டியதும் அது 2-2-இல் நிற்கிறது. இப்போது தங்கத்தை 1-2-இல் இறக்குங்கள். சற்று முன் அதே தங்கத்தை அதே கட்டத்தில் வெட்டிய வெள்ளி இப்போது அதற்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் நிற்கிறது, ஆனால் தொட முடியவில்லை. வெள்ளிக்குப் பக்கவாட்டு நடை கிடையாது. ராஜாவுக்கோ 2-1 காலியாகியும் பயனில்லை; தங்கத்தின் முன்மூலை அதை அடைத்திருக்கிறது. மேட்.

இந்த விடையில் தாக்குபவரின் திறமை என்று நாம் எதைச் சொல்வோம்? பிஷப்பைப் பலி கொடுத்த துணிவையா? அந்தச் சொல் பொருந்தாது என்று நினைக்கிறேன். பலி கொடுத்தவர் துணிவால் கொடுக்கவில்லை. எதிராளியின் வெள்ளி 2-1-இல் நிற்கும்போது எதைக் காக்கிறது, 2-2-க்கு வந்தபின் எதைக் காக்க மறக்கிறது என்ற இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். வெள்ளி இடம் மாறும்போது அதன் காவலும் மாறுகிறது. தடுமாறுபவர்கள் அனேகமாக இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: காய் வெட்டப்படுகிறது என்று கண்டவுடன் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். வெட்டிய காய் இப்போது எங்கே நிற்கிறது, முன்பு நின்ற இடத்தில் எது ஓட்டையானது என்று அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. ஹராதா யசுவோ என்ற ஒன்பதாம் டான் வீரர் ‘மூன்று நகர்வு வாசிப்பு’ என்பதையே ஆட்டத்தின் அடிப்படையாக வலியுறுத்தி வந்தார். நான் இதை ஆடினால், அவர் அதை ஆடுவார், அப்போது நான் இதை ஆடுவேன் என்பது அதன் சாரம். மூன்றில் கடினமானது இரண்டாவது, ஏனென்றால் அதை நாம் நமக்கு வசதியாகக் கற்பனை செய்துவிடுவோம்.

புதிரை அமைத்த விதத்திலும் இதற்குச் சான்று இருக்கிறது. கையிருப்பில் பிஷப்புக்குப் பதில் ஒரு வெள்ளியைக் கொடுத்துப் பாருங்கள். வெள்ளியை 2-2-இல் பலி கொடுத்துத் தங்கத்தால் முடிக்கலாம். தங்கத்தைப் பலி கொடுத்து வெள்ளியை 1-2-இல் இறக்கியும் முடிக்கலாம். இரண்டு விடை வந்துவிட்டால் அது பழுதான புதிர். பிஷப்பை வைத்ததால் அந்த இரண்டாவது வழி அடைபடுகிறது: தங்கத்தை முதலில் 2-2-இல் கொடுத்தால், பிறகு 1-2-இல் வைத்த பிஷப்பால் நேர் எதிரே உள்ள ராஜாவுக்கு செக் வைக்கவே முடியாது. தங்கத்தைக் கடைசிக்கு வைத்திரு என்ற ஷோகிப் பழமொழியை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அது ஏன் சரி என்பதை இந்த ஒரு காய் மாற்றம் காட்டிவிடுகிறது. அதேபோல 3-3-இல் உள்ள நம் வெள்ளி இரண்டு வேலை செய்கிறது. 2-2-ஐக் காப்பது ஒன்று, மூலைவாட்டுப் பாதையை அடைத்து நிற்பது மற்றொன்று. அந்தக் கட்டம் காலியாக இருந்து, பிஷப்பைத் தூரத்தில் இறக்கினால், எதிராளி 2-2-இல் ஒரு சிப்பாயை இறக்கித் தடுப்பார். புதிர் விதிப்படி பலகையிலும் நம் கையிலும் இல்லாத காய்கள் எல்லாம், ராஜா ஒன்று தவிர, அவர் கையில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். அவருடைய வெள்ளியோ நகர வேண்டிய கட்டாயமே இல்லாமல் தன் இடத்தில் இருந்துகொண்டு 1-2-ஐத் தொடர்ந்து காக்கும். எதிராளியை நகர வைப்பதுதான் முதல் நகர்வின் ஒரே வேலை என்பதை அமைத்தவர் அறிந்திருந்ததால் ஒட்டி இறக்குவதைத் தவிர வேறு வழி விடவில்லை.

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. உண்மையான ஆட்டத்தில் யாரும் ‘இங்கே மூன்றில் மேட் இருக்கிறது’ என்று காதில் சொல்வதில்லை. புதிர் அந்தச் செய்தியை இலவசமாகத் தந்துவிடுகிறது. பாதி வேலை அங்கேயே முடிந்தது. இதை ஒப்புக்கொள்கிறேன். அதைவிடக் கனமான மறுப்பு செக்கைப் பற்றியது. தொடர்ந்து செக் வைப்பது ராஜாவை விரட்டித் தப்பவிடும் வேலை என்று ஷோகிப் பழமொழியே எச்சரிக்கிறது. நல்ல ஆட்டக்காரர் பல நேரம் செக் வைக்காமல், தப்பும் வழிகளைச் சுற்றி வளைத்து, அடுத்த நகர்வில் மேட் தவிர்க்க முடியாதபடி செய்கிறார். செக் மட்டுமே வைக்கும் புதிரை நூற்றுக்கணக்கில் போட்டுப் பழகியவருக்கு அந்தப் பொறுமை வராமல் போகக்கூடும்.

ஆனால் செக் என்ற கட்டாயம் எதற்காக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செக் இல்லாத நகர்வுக்கு எதிராளியின் பதில்கள் பலகை முழுக்கப் பரவிக் கிடக்கும். அவற்றில் எது சிறந்தது என்று பயில்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும், ஊகத்தில் தனக்குச் சாதகமாகச் சாய்வார். செக் வைத்தால் பதில்கள் மூன்று நான்காகச் சுருங்கும். ஒவ்வொன்றையும் கடைசிவரை சோதித்து ‘இது தவறு’ என்று நிரூபிக்க முடியும். நம் புதிரில் ராஜாவின் இரண்டு ஓட்டங்களையும் வெள்ளியின் ஒரு வெட்டையும் தனித்தனியே சோதித்தோம், சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிந்தது. எதிராளியின் சார்பில் நேர்மையாக யோசிக்கும் பழக்கத்தை இவ்வளவு சிறிய இடத்தில் சோதிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சுற்றி வளைக்கும் ஆட்டத்துக்கும் அந்தப் பழக்கமே அடித்தளம்: தப்பும் வழியை அடைத்துவிட்டோம் என்று நம்புவதற்கு, அடுத்து மேட் உண்மையாகவே இருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும்.

வெற்றியாளர்களை வைத்து வாதிடும்போது எச்சரிக்கை தேவை. ஃபுஜி சோதா 12 வயதில், 2015-இல், புதிர் தீர்க்கும் தேசியப் போட்டியில் பட்டம் வென்றார். 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை அதை வென்றார். 2016-இல் 14 வயதில் தொழில்முறை வீரரானார், 2023-இல் எட்டுப் பெரும் பட்டங்களையும் ஒருசேரக் கைப்பற்றினார். புதிர்தான் அவரை உருவாக்கியது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அபாரமான கணக்கிடும் ஆற்றல் இரண்டிலும் தெரிந்திருக்கலாம். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது சிறியது: செக் மட்டுமே வைக்கும் பயிற்சி ஆட்டத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு அவருடைய ஆட்ட வாழ்க்கை இடம் தரவில்லை.

நடு நகர்வை நேர்மையாக வாசிக்க ஷோகிக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. செஸ்ஸில் தவறான பலியால் காய் மறைந்துபோகும். இங்கே அது எதிராளியின் கையிருப்பாகி, அடுத்த நகர்விலேயே நம் ராஜாவின் தலைமேல் இறங்கக்கூடும். தங்கத்தை முதலில் 1-2-இல் வைத்தவர் தன் முடிக்கும் காயையே எதிரிக்கு ஆயுதமாகக் கொடுத்தவர். ஜப்பானில் ஒளிபரப்பாகும் என்எச்கே கோப்பை ஆட்டத்தில் ஆரம்ப நேரமும் கூடுதல் யோசனை நேரமும் தீர்ந்தபின் ஒரு நகர்வுக்கு 30 நொடிதான். அந்த நேரத்தில் எந்தக் காயை முன்னே, எந்தக் காயைப் பின்னே என்ற வரிசையைத் தவறாகப் போட்டால் திருத்த இன்னொரு வாய்ப்பு கிடைக்காது.

அதே நிலையில் 2-1-இல் உள்ள எதிராளியின் வெள்ளியைத் தங்கமாக மாற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பிஷப் 2-2-இல் இறங்குகிறது, தங்கம் வெட்டுகிறது, நம் தங்கம் 1-2-இல் இறங்குகிறது. எதிராளியின் தங்கம் பக்கவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்து அதையும் வெட்டிவிடுகிறது. ராஜா மூலையிலேயே பத்திரமாக இருக்கிறது. நம் கையிருப்பு காலி, அவர் கையில் புதிதாக ஒரு பிஷப், ஒரு தங்கம்.