பொருக்கைத் தேடும் கண்

ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலுக்குத் தோலிலேயே ஒரு தடயம் உண்டு. சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு சிறு கருப்புப் பொருக்கு, அதைச் சுற்றிச் சிவந்த விளிம்பு. புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் கண்ணுக்கே தெரியாத இளம்புழு கடித்த இடம் அது. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி அதைச் சொல்வதே இல்லை, மருத்துவர்தான் தேட வேண்டும்.

இந்தத் தேடலின் பலம் நேரம்தான். எலைசா சோதனை தேடும் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் உருவாகவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். பொருக்கோ காய்ச்சல் தொடங்கும்போதே பெரும்பாலும் இருக்கும். அதைக் கண்டால் அன்றே டாக்சிசைக்ளின் தொடங்கலாம்: பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின்.

மார்கழி மாதம், வேலூர்ப் பக்கம் புல்லறுக்கப் போன ஒரு பெண்ணுக்கு ஐந்து நாள் காய்ச்சல், தாங்காத தலைவலி என்று வைத்துக்கொள்வோம். தட்டணுக்கள் குறைந்திருப்பதால் டெங்கு என்று சந்தேகிக்கிறார்கள். அந்தச் சோதனையில் ஒன்றும் இல்லை. செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுகிறார்கள். உண்ணிக் காய்ச்சலின் கிருமி இரத்தக்குழாய்ச் சுவரின் செல்களுக்குள் புகுந்து வாழ்வது, அந்த ஊசிக்கு அது அடங்காது. எட்டாம் நாள் மூச்சு வாங்குகிறது. அப்போதுதான் ஒரு செவிலியர் திரையை இழுத்துவிட்டு, சேலையைத் தளர்த்தச் சொல்லி, மார்புக்கு அடியில் பொருக்கைப் பார்க்கிறார். இரண்டாம் வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளையுறை என ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படலாம். அவசரம் என்பது இதனால்தான்.

நெரிசலான புறநோயாளிப் பிரிவில் கையையும் முகத்தையும் பார்த்து அனுப்பிவிடுவதுதான் இந்த முறையின் முதல் ஓட்டை. உண்ணி கடிப்பதோ அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடி, இடுப்பில் துணி இறுக்கும் இடம், பிறப்புறுப்பு. வியர்வை தேங்கும் இடத்தில் பொருக்கு கட்டாமல் வெறும் ஆழமற்ற புண்ணாகவும் இருக்கலாம். மாநிறத் தோலில் அந்தச் சிவப்பும் சரியாகத் தெரியாது. மறைவும் வெளிச்சமும் இல்லாத அறையில் தேடியது தேடலே ஆகாது.

இரண்டாவது குறை இதைவிட மோசமானது. “பொருக்கு இல்லை, அதனால் இந்தக் காய்ச்சல் இல்லை” என்று முடிவு கட்டுவது. வேலூரில் பார்த்த நோயாளிகளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் பொருக்கு கிடைத்தது. இருந்தால் ஏறத்தாழ உறுதி, இல்லாவிட்டால் எதையும் விலக்க முடியாது என்று மட்டுமே அதைப் படிக்க வேண்டும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் ஐந்து நாளாக இறங்காத காய்ச்சல், புதரோ வயலோ பக்கம் போய்வந்த பழக்கம், இரண்டும் சேர்ந்தால் பொருக்கு இல்லாமலேயே, சோதனை முடிவுக்குக் காத்திராமல், மருந்தைத் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் வேறு நோயைத் தேட வேண்டும். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்துவிட்டால் மாத்திரை போதாது. டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துச் சிரை வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.