‘விரும்பத்தக்கது’ எனும் சொல்: மில்லின் வாதத்தில் ஒரு பொருள் மயக்கம்

அளவையியல் பயிலத் தொடங்கும் மாணவர் எவரும் கவர்பொருட் போலியை முதற் சில வாரங்களிலேயே சந்தித்து விடுகின்றனர். ஆயின் அதற்குக் காட்டப்படும் உதாரணங்கள் பெரும்பாலும் நகைப்புக்குரியனவாகவே அமைகின்றன. ‘மாவிலே காய் காய்க்கும், குதிரை ஒரு மா, ஆதலால் குதிரையிலே காய் காய்க்கும்’ என்றால் அதனைக் கேட்டு ஏமாறுவார் யாருமிலர். இதனால் இப்போலி அறிஞரை அணுகாத அற்பக் குறையென்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிடுகின்றது. அவ்வெண்ணம் தவறானது என்பதைப் புகழ்பெற்ற ஒரு வாதத்தின் வாயிலாகக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நம் இலக்கண மரபு தரும் ஒரு பாகுபாட்டை நினைவுகூர்தல் தகும். தொல்காப்பியர் கிளவியாக்கத்திற் பல பொருள் ஒருசொல்லை இருவகைப்படுத்துவர். ஒன்று, உடன்வரும் வினையாற் பொருள் வேறுபட்டுத் தெளிவாவது. மற்றையது, அவ்வாறு தெளிவாகாதது. ‘மா பூத்தது’ என்னுமிடத்து வினையே மரத்தைச் சுட்டிவிடுகின்றது. ‘மா வீழ்ந்தது’ என்னுமிடத்து மரமோ விலங்கோ என்பது ஐயமாகவே நிற்கின்றது. ஆங்கே தான் கருதிய பொருளைத் தெரித்துக் கூறுதல் சொல்வோனது கடமையாகின்றது. மேற்காட்டிய நகைப்புக்குரிய வாதம் முதல் வகையைச் சார்ந்தது. காய்த்தல் என்ற வினையே அதனைக் காட்டிக்கொடுத்து விடுகின்றது. உண்மையில் நம்மை ஏமாற்றும் வாதங்களோ இரண்டாம் வகையின. அவற்றிற் சொல்லின் இரு பொருள்களும் நெருங்கிய உறவினவாய், எந்த இடத்திலும் இயல்பாகப் பொருந்துவனவாய் இருக்கும்.

ஜோன் ஸ்ருவேட் மில் 1861ஆம் ஆண்டிற் சஞ்சிகையொன்றில் வெளியிட்டு, 1863இல் நூலாக்கிய ‘பயன்பாட்டுவாதம்’ என்னும் ஆக்கத்தின் நான்காம் அத்தியாயத்தில் இத்தகைய வாதமொன்று காணப்படுகின்றது. இன்பமே மனிதன் நாடவேண்டிய இறுதி இலக்கு என்பதை நிறுவ முற்படும் மில், புலன்களின் ஒப்புமையொன்றைக் கையாளுகின்றார். ஒரு பொருள் காணத்தக்கது என்பதற்கு மக்கள் அதனைக் காண்கின்றனர் என்பதே சான்று. ஓர் ஒலி கேட்கத்தக்கது என்பதற்கு மக்கள் அதனைக் கேட்கின்றனர் என்பதே சான்று. அதுபோலவே ஒன்று விரும்பத்தக்கது என்பதற்கு மக்கள் அதனை உண்மையில் விரும்புகின்றனர் என்பதையன்றி வேறு சான்று தர இயலாது. மக்கள் ஒவ்வொருவரும் தத்தம் இன்பத்தை விரும்புகின்றனர். ஆகவே இன்பம் விரும்பத்தக்கது. வாதத்தின் சாரம் இதுவே.

இவ்வாதத்தின் வடிவத்திற் குறையேதும் தென்படவில்லை. மக்கள் விரும்புவன விரும்பத்தக்கன. இன்பம் மக்கள் விரும்புவது. ஆதலால் இன்பம் விரும்பத்தக்கது. மூன்று பதங்களும் ஒழுங்காக அமைந்த, வாய்ப்பான நியாயத்தொடை போலவே இது காட்சியளிக்கின்றது. குறை எங்கேயுள்ளது என்பதை 1903ஆம் ஆண்டு வெளிவந்த தமது ஒழுக்கவியல் நூலில் ஜீ. ஈ. மூர் சுட்டிக்காட்டினார். காணத்தக்கது என்பதன் பொருள் காணப்பட இயலுவது. விரும்பத்தக்கது என்பதன் பொருளோ விரும்பப்பட இயலுவது அன்று. விரும்பப்பட வேண்டியது, விரும்புதற்குத் தகுதியுடையது என்பதாகும். ஆங்கிலத்தில் இச்சொற்களின் ஈற்றில் வரும் விகுதி ஒன்றேயாதலின், ஆற்றலைக் குறிக்கும் பொருளும் தகுதியைக் குறிக்கும் பொருளும் ஒன்றெனத் தோன்றிவிட்டன.

இதனைச் சோதித்தறிய எளிய வழியொன்றுண்டு. ஐயத்துக்குரிய சொல்லை நீக்கி, அதன் இரு பொருள்களையும் தனித்தனியே வாதம் முழுவதிலும் இட்டுப் பார்த்தல் வேண்டும். முதலில் ‘விரும்பப்படக்கூடியது’ என்று இடுவோம். மக்கள் விரும்புவன விரும்பப்படக்கூடியன என்னும் எடுகூற்று ஐயமின்றி உண்மையாகும். ஆயின் இன்பம் விரும்பப்படக்கூடியது என்ற முடிவு எவரும் மறுக்காத வெறும் உளவியற் செய்தியாகின்றது. அதிலிருந்து எவ்வறமும் பிறவாது. அடுத்து ‘விரும்பப்பட வேண்டியது’ என்று இடுவோம். முடிவு இப்போது மில்லுக்கு வேண்டிய அறமுடிவாகின்றது. ஆனால் மக்கள் விரும்புவன யாவும் விரும்பப்பட வேண்டியன என்னும் எடுகூற்று பொய்யாகிவிடுகின்றது. பழிவாங்குதலையும் மக்கள் விரும்பவே செய்கின்றனர். ஒரு பொருளிலே எடுகூற்று மெய், முடிவு பயனற்றது; மறுபொருளிலே முடிவு பயனுடையது, எடுகூற்று பொய். இரண்டையும் ஒருங்கே பெறவேண்டுமாயின் எடுகூற்றில் ஒரு பொருளையும் முடிவில் மறுபொருளையும் கொள்ளவேண்டும். அவ்வாறு கொண்டவுடன் வாதத்தில் மூன்றல்ல, நான்கு பதங்கள் இருப்பது வெளிப்படுகின்றது.

தமிழில் தத்துவம் பயிலும் நமக்கு இதிற் கவனிக்கவேண்டிய செய்தியொன்றுண்டு. ‘தக்க’ என்னும் நம் சொல்லும் இருதலைப்பட்டதே. ‘கண்ணாற் காணத்தக்க தொலைவு’ என்னும்போது அது இயலுமையைக் குறிக்கின்றது. ‘அவசியம் காணத்தக்க கோயில்’ என்னும்போது தகுதியைக் குறிக்கின்றது. இக்கட்டுரையில் மில்லின் வாதத்தைத் தந்தவிடத்து யானும் மூன்று இடங்களிலும் ‘தக்கது’ என்றே எழுதினேன். வாசகர் பலர் அதனைத் தடையின்றிக் கடந்து சென்றிருத்தல் கூடும். ‘காணக்கூடியது, கேட்கக்கூடியது, விரும்பத்தக்கது’ என்று மொழிபெயர்த்திருப்பின் வழு அக்கணமே வெளிப்பட்டிருக்கும். ஒரு மொழிபெயர்ப்பு மூலநூலாசிரியரின் மயக்கத்தை மறைத்தலும் கூடும், வெளிப்படுத்தலும் கூடும். ஆகவே தமிழாக்கத்தை மட்டும் படித்து ஒரு வாதத்தைப் போலியென்றோ செம்மையானதென்றோ தீர்ப்பளிப்பது ஆபத்தானது.

எனினும் மூரின் கண்டனத்தோடு வழக்கு முடிந்துவிடவில்லை. 1843இல் தாம் வெளியிட்ட அளவையியற் பெருநூலிலே கவர்பொருட் சொற்களால் விளையும் போலிகளை விரிவாக ஆராய்ந்தவர் மில். அத்தகையவர் இவ்வளவு வெளிப்படையான வழுவில் வீழ்ந்தார் என்று கொள்ளுமுன் அவர் கூற்றை மீளவும் நோக்குதல் வேண்டும். இறுதி இலக்குகளைப் பற்றிய வினாக்களுக்குச் சாதாரண பொருளில் நிரூபணம் இல்லையென்று அவரே முன்கூட்டிக் கூறுகின்றார். ஒப்புமையிலும் அவர் பேசுவது சொற்பொருளைப் பற்றியன்று, சான்றைப் பற்றியே. காட்சிக்குச் சான்று கண்ணாதல் போல, விருப்பத் தகுதிக்குச் சான்று விருப்பமே என்று மட்டும் அவர் கூறியிருப்பின், மூர் காட்டிய சமன்பாட்டை அவர் செய்தாரல்லர். பிற்காலத்து மில் ஆய்வாளர் பலர் இவ்விளக்கத்தையே ஆதரித்துள்ளனர்.

இவ்விளக்கம் நேர்மையானதென்றே யான் கருதுகின்றேன். ஆயினும் அது மில்லை முற்றாக விடுவிக்கவில்லை. விருப்பம் தகுதிக்குச் சான்றாவது எவ்வாறு என்ற வினா எஞ்சுகின்றது. ‘மக்கள் யாவரும் அனுபவித்தறிந்து இடையறாது விரும்புவது விரும்புதற்குத் தகுதியுடையதாதல் கூடும்’ என்பது போன்ற ஓர் எடுகூற்று இடையிலே தேவைப்படுகின்றது. அது பொய்யென்று சொல்லவில்லை. வாதிக்கப்பட வேண்டியது என்கின்றேன். மில்லின் வாசகத்தில் அவ்வெடுகூற்றுக்குரிய இடத்தில் அமர்ந்திருப்பது ‘தக்க’ என்னும் விகுதியின் ஒற்றுமையே. காணுதலுக்கும் காணத்தக்கதற்கும் இடையே எவ்விதப் பாலமும் வேண்டாமையால், விரும்புதலுக்கும் விரும்பத்தக்கதற்கும் இடையேயும் வேண்டாதென்று வாசகர் நினைத்துவிடுகின்றார்.

எனவே ஒரு வாதத்திற் பொருள் மயக்கம் உண்டெனக் கண்டதும் அதனைக் குப்பையென எறிந்துவிடுதல் திறனாய்வாகாது. ஒரு சொல் இருபொருள்படுதல் தானே குற்றமுமன்று. சிலேடையில் அதுவே அணியாகின்றது. முடிவு நிலைபெறுதற்கு இருபொருளும் ஒருங்கே தேவைப்படும்போது மாத்திரமே அது போலியாகின்றது. அவ்வேளை, அச்சொல்லை எடுத்துவிட்டால் அவ்விடத்தை நிரப்ப என்ன எடுகூற்று வேண்டும் என்று வினவுதலே பயனுடையது. மில்லின் வாதத்தில் அவ்வெடுகூற்று விருப்பத்தையும் தகுதியையும் இணைப்பது. அதனை ஏற்பதா மறுப்பதா என்பதே மில்லுக்கும் மூருக்கும் இடையிலான உண்மையான வழக்கு.