சீட் உயரம் 765, 790, 805: ஒரு விவரத்தாளின் மீதான தீர்ப்பு

ஒரே எஞ்சினை மூன்று உடல்களில் பொருத்தி விற்கும்போதுதான் விவரத்தாள் படிக்கத் தகுந்ததாகிறது. ராயல் என்ஃபீல்டின் 349 சிசி எஞ்சின் 2020இல் மீட்டியோரிலும், 2021இல் புதிய கிளாசிக்கிலும், 2022இல் ஹண்டரிலும் வந்தது. சக்தியும் இழுவிசையும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே வாங்குபவர் எதைத் தேர்கிறார் என்பது வேகத்தின் கேள்வி அல்ல, அவருடைய காலின் கேள்வி. சென்னையைத் தாயகமாகக் கொண்ட நிறுவனத்தின் இந்த மூன்று தாள்களையும் சென்னைச் சாலையில் வைத்துப் படிப்பதே இங்கு முறை.

எண்கள் இவை. மீட்டியோர்: சீட் உயரம் 765 மி.மீ., கெர்ப் வெயிட் 191 கிலோ, கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. ஹண்டர்: 790, 181, 160. கிளாசிக்: 805, 195, 170. ஹண்டர் அறிமுகமானபோது கிரவுண்ட் கிளியரன்ஸ் 150 ஆகத்தான் இருந்தது. 2025 திருத்தத்தில் 10 மி.மீ. கூடியது.

முதலில் ஒரு பிழையான நம்பிக்கையை விலக்க வேண்டும். சீட் தாழ்ந்தால் வண்டியின் வயிறும் தாழும் என்று ஷோரூமில் விற்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். மூன்றில் மிகத் தாழ்ந்த சீட் கொண்ட மீட்டியோரின் வயிறு ஹண்டரைவிட 10 மி.மீ. உயரத்தில் இருப்பது இதற்கு நேரான மறுப்பு. சீட் உயரத்தைச் சட்டகத்தின் பின்பகுதியும் குஷனின் தடிமனும் தீர்மானிக்கின்றன. கிரவுண்ட் கிளியரன்ஸைப் பெரும்பாலும் எஞ்சினின் அடிப்பகுதியும் அதன் கீழே ஓடும் சைலன்ஸர் குழாயும் தீர்மானிக்கின்றன. இரண்டும் வெவ்வேறு இடத்து அளவுகள். ஒன்றிலிருந்து மற்றதை ஊகிக்க முடியாது.

சீட் உயரம் என்ற எண்ணின் நிறை, அது எளிதில் ஒப்பிடத்தக்கது. குறை, அது யாரும் ஏறாத வண்டியின் உயரமா, ஆள் அமர்ந்த பின்னான உயரமா என்று இந்தத் தாள்கள் சொல்வதில்லை. சீட் எவ்வளவு அகலம் என்பதையும் சொல்வதில்லை. ஓசூரில் டிவிஎஸ் தயாரித்த ஜி 310 வண்டிகளுக்கு பிஎம்டபிள்யூ வெளியிட்ட தாளை எடுத்துப் பாருங்கள். சீட் உயரம் ஆளில்லாத எடையில் அளந்தது என்ற குறிப்பு அதில் இருக்கும். அதையடுத்து இன்னொரு வரியும் இருக்கும்: தரையில் ஒரு பாதத்தில் தொடங்கி, உள்தொடை வழியாக ஏறி, சீட்டைக் கடந்து, மறு பாதம் வரை செல்லும் வளைவின் நீளம். காலுக்கு உண்மையில் எவ்வளவு நீளம் தேவை என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டு மண்ணிலேயே உருவான வண்டிக்கு ஒரு நிறுவனம் கொடுத்த அளவை மற்றவர்களும் கொடுக்கலாம். கொடுக்காதது விவரத்தாளின் மிகப் பெரிய குறை என்பது என் மதிப்பீடு.

அந்த வரி இல்லாத தாளை எப்படிப் படிப்பது? ஒரு உடலை எடுத்துக்கொள்வோம். 157 செ.மீ. உயரமுள்ள ஒருவர், மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குத் தினமும் தனியாகச் செல்பவர். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டில் இறுக்கி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்கிறார். 72 செ.மீ. வருகிறது. ஷூவின் அடிக்கட்டை ஏறத்தாழ 2.5 செ.மீ. ஆக அவரிடம் இருப்பது 745 மி.மீ. கால். அவர் அமர்ந்ததும் ஷாக் அப்சார்பரும் குஷனுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 35 மி.மீ. இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஹண்டரின் 790 அப்போது 755 ஆகிறது. ஆனால் கால் நேர்கீழாக இறங்குவதில்லை, சீட்டின் அகலத்தைச் சுற்றிச் சாய்வாக இறங்குகிறது. ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ. வெளியே போனால் தேவைப்படும் நீளம் 770. குறைபாடு 25 மி.மீ. அதாவது முன்பாதம் இரண்டும் தரையில் ஊன்றும், குதிகால் ஓர் அங்குலம் மேலே நிற்கும். அதே கணக்கில் கிளாசிக்கில் குறைபாடு 40 மி.மீ. மீட்டியோரின் அகலமான சீட்டுக்கு இரண்டு செ.மீ. கூடுதலாக விட்டாலும் வெறும் 5. அங்கு பாதம் முழுவதும் படியும்.

25 மி.மீ. பெரிய விஷயமா? சமதளச் சிக்னலில் இல்லை. சென்னையின் சாலை ஓரத்தில்தான் அது தன் முகத்தைக் காட்டுகிறது. பழைய தாரின் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டு உயர்ந்த தெருக்களில், கறுப்புப் பரப்பு முடியும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும்போது இடது கால் அந்தப் படிக்குக் கீழே போகிறது. ஆறு செ.மீ. படி என்றால் ஹண்டரில் மொத்தக் குறைபாடு 85 மி.மீ. அதை ஈடுகட்ட வண்டி ஏறத்தாழ 20 டிகிரி சாய வேண்டும். இங்கேதான் கெர்ப் வெயிட் கணக்குக்குள் வருகிறது.

வண்டியின் எடைமையம் அரை மீட்டர் உயரத்திலும் ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொண்டால், 181 கிலோ வண்டி 5 டிகிரி சாயும்போது கையில் சுமார் 8 கிலோ அழுத்தும். 10 டிகிரியில் 16 கிலோ, 20 டிகிரியில் 31 கிலோ. இதே கணக்கை 195 கிலோவுக்குப் போட்டால் 10 டிகிரியில் ஒரு கிலோ சொச்சம்தான் கூடுகிறது. ஆக வண்டியைக் கீழே போடச் செய்வது எடை அல்ல, கோணம். கோணத்தைக் கூட்டுவது காலின் குறைபாடு. மூன்று எண்களில் தகுதிக்கு மேல் மதிக்கப்படுவது கெர்ப் வெயிட்தான் என்று இதனால்தான் சொல்கிறேன். தாழ்ந்த மயிலாப்பூர் வீட்டின் சரிவில் வண்டியைப் பின்னோக்கித் தெருவுக்கு ஏற்றும்போதும் இதுவே நிலை. எட்டு அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் 181 கிலோவுக்கு ஏறத்தாழ 23 கிலோ விசை வேண்டும், 191 கிலோவுக்கு 24. வித்தியாசம் கையில் தெரியாது. சீட்டில் அமர்ந்தபடி காலால் உந்தும்போது பாதம் முழுவதும் படிகிறதா என்பது நன்றாகவே தெரியும்.

எடை எண்ணுக்கு ஒரு நியாயமும் செய்ய வேண்டும். இந்த நிறுவனத்தின் தாளில் 90 சதவீதப் பெட்ரோலும் ஆயிலும் சேர்த்து அளந்தது என்ற குறிப்பு உண்டு. கிளாசிக்கின் 13 லிட்டர் டேங்கில் அது ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பெட்ரோல் இல்லாத எடையை அச்சிடும் தாள்களும் உள்ளன. அளவீட்டு நிலையைச் சொல்லாத எடையை ஒப்பீட்டுக்கே எடுக்கக் கூடாது. லெக் கார்டு, சாரி கார்டு, பின் கேரியர் என்று ஷோரூமில் ஏறும் கிலோக்கள் எந்தத் தாளிலும் வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் வேறு வகை எண். வேகத்தடையைக் கண்டு அஞ்சுவோர் ஒரு கணக்கைப் பார்க்கலாம். இந்திய சாலைப் பேரவையின் 1988 வழிகாட்டிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மென்மையான வளைவு. ஏறத்தாழ 1.4 மீட்டர் வீல்பேஸ் கொண்ட இந்த வண்டிகளில் இரு சக்கரங்களும் அதன் மேலேயே ஏறி நிற்கும். நடுவில் வயிற்றை நோக்கி மேடு எழுவது சுமார் 14 மி.மீ. மட்டுமே. விதிப்படி கட்டிய வேகத்தடையில் எதுவும் உரசாது. உரசுவது குடியிருப்புத் தெருக்களில் ஒரு முழ அகலத்துக்குச் செங்குத்தாகக் கட்டப்படும் சிமென்ட் மேட்டில். அது முழுவதுமாக இரு சக்கரங்களுக்கிடையே நுழைந்துவிடுகிறது. 10 செ.மீ. மேடு என்றால் 10 செ.மீ. முழுவதும் வயிற்றின் கீழே. பின்னால் ஒருவர் அமர்ந்து வண்டி 40 மி.மீ. அமுங்கினால், பழைய ஹண்டரின் 150இல் மிஞ்சுவது 10 மி.மீ. முன்சக்கரம் இறங்கிய வேகத்தில் ஃபோர்க் அமுங்கும்போது அதுவும் போய்விடும். புதிய ஹண்டரில் மிஞ்சுவது 20. தாளில் ஏழு சதவீத மாற்றமாகத் தெரிவது தெருவில் இருமடங்கு ஆகிறது. சைலன்ஸர் குழாயின் பாதையை மாற்றி இதைச் சாதித்தது நேர்மையான பொறியியல் திருத்தம், பாராட்டுக்குரியது. மழைநீருக்கு மட்டும் இந்த எண்ணை நம்பக் கூடாது. துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எஞ்சினைக் காப்பது காற்று உள்ளே போகும் வாயின் உயரம். அதைத் தாள் சொல்வதில்லை.

சீட்டைக் குறைத்துக்கொள்ளலாமே என்ற யோசனைக்கும் இடம் தர வேண்டும். ஜி.பி. ரோடு பக்கம் சீட் தைப்பவர்கள் குஷனைச் செதுக்கித் தருகிறார்கள். செதுக்குவதானால் உயரத்தைவிட முன்பகுதியின் அகலத்தைக் குறைக்கச் சொல்வது புத்திசாலித்தனம். கால் இறங்கும் பாதை குறுகும், உட்காரும் எலும்புகளுக்குக் கீழே குஷன் அப்படியே இருக்கும். கிரவுண்ட் கிளியரன்ஸும் குறையாது. ஷாக் அப்சார்பரையே குட்டையாக மாற்றினால் குறையும்.

தீர்ப்புக்கு வருவோம். 72 செ.மீ. காலுக்குக் கிளாசிக் பொருந்தாது. சாலை ஓரப் படியில் அதன் சாய்வு 22 டிகிரியைத் தாண்டி, கையில் 37 கிலோவாக வந்து நிற்கும். மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால் மீட்டியோர் முந்துகிறது: சமதளத்தில் பாதம் படிகிறது, வயிறு 10 மி.மீ. உயரம், கூடும் 10 கிலோ கணக்கில் சிறிது. ஆனால் அதற்கு எதிராக வைக்க வேண்டியவையும் உண்டு. அதே ஆறு செ.மீ. படியில் அதற்கும் ஏறத்தாழ 17 டிகிரி சாய்வு வேண்டும், ஆகவே ஹண்டரை அது வெல்வது குறுகிய இடைவெளியில்தான். வண்டி 85 மி.மீ. நீளம் கூட, தி.நகரில் இரு வண்டிகளுக்கிடையே செருகும்போது அது தெரியும். கால்வைக்கும் கட்டைகள் முன்னால் இருப்பதால் மேட்டில் எழுந்து நிற்க முடியாது, அடி நேராக இடுப்பில் இறங்கும். மெட்ரோ பணிக்காகக் குத்திக் குதறிய லஸ், மந்தைவெளிச் சாலைகளில் தினமும் ஓட்டுபவருக்கு இது சிறு குறை அல்ல. முதுகு உறுதியாக இருப்பவருக்கு மீட்டியோர். முதுகு வலிக்காரருக்கு, முன்பகுதி ஒடுக்கிய சீட்டோடு 2025 ஹண்டர்.

கால் 76 செ.மீ. ஆனால் தீர்ப்பு தலைகீழாகிறது. ஹண்டரிலேயே குதிகால் படிந்துவிடும், 765 என்ற எண்ணால் அவருக்கு இனிப் பயனில்லை. அவர் மீட்டியோரை வாங்கினால் தேவையில்லாத தாழ்வுக்காக நீளத்தையும் முன்னால் நீட்டிய காலையும் விலையாகக் கொடுக்கிறார். கிளாசிக்கும் அவருக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும், ஆனால் மிச்சமாவது வெறும் அரை மி.மீ. 195 கிலோவை அந்த அரை மி.மீ. நம்பி எடுக்கலாமா என்பதை, ஷோரூமில் ஷூவோடு ஏறி, சைடு ஸ்டாண்டிலிருந்து தானே நிமிர்த்தி, இரண்டடி பின்னால் உந்திப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.