சந்தாப் பெட்டியும் சாம்பார்ப்பொடி டப்பாவும்

மாதம் ஒரு தொகை கட்டினால் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்துசேரும் என்ற யோசனை நமக்குப் புதிதல்ல. பால் அட்டை அந்த வகைதான். தீபாவளிப் பலகாரச் சீட்டும் அதன் பங்காளிதான். ஆனால் இரண்டும் நிற்கும் அடித்தளம் வேறு. பால் அன்றன்றைக்குத் தீர்ந்துவிடும், வைத்திருந்தால் கெட்டுவிடும். அதனால் அட்டை ஓடுகிறது. சீட்டில் பொருள் வருவது ஒரே ஒரு நாள். மாதாமாதம் போவது பணம் மட்டும். மூன்றாவதாக ஒரு வகையை, 2010-இல் நியூயார்க்கில் தொடங்கிய பெர்ச்பாக்ஸ் பரவலாக்கியது: அன்று மாதம் 10 டாலர் கட்டினால் என்ன வரும் என்று தெரியாத அழகுப்பொருள் மாதிரிகள் வந்தன. அது நின்றது ஆவலின் மேல். வீட்டில் பொடி அரைத்து விற்கும் ஒருவர் தன் நாற்பது வாடிக்கை வீடுகளை நம்பிச் சந்தாப் பெட்டி தொடங்கும்போது, பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு முதல் வகையின் வருமானத்தை எதிர்பார்க்கிறார். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெட்டி வெற்றியா இல்லையா என்பதை வசூலான தொகை சொல்லாது. விற்பவரின் பழைய நோட்டும் வாங்குபவரின் அடுக்களை அலமாரியும்தான் சொல்லும்.

முதலில் நோட்டு. கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். நாற்பது வீடுகள், கடந்த மூன்று மாத நோட்டுப்படி வீட்டுக்குச் சராசரி 450 ரூபாய், ஆக மாதம் 18,000. இவர் 600 ரூபாய்க்கு ஒரு பெட்டி அறிவிக்கிறார்: சாம்பார்ப் பொடி அரைக் கிலோ, ரசப் பொடியும் இட்லிப் பொடியும் கால் கிலோ, கறிவேப்பிலைப் பொடி நூறு கிராம், வீட்டு வாசலில் இலவச டெலிவரி. 24 வீடுகள் சேர்கின்றன. பெட்டியால் 14,400 ரூபாய் வந்தது என்று மகிழ்வது இயல்பு. ஆனால் சேர்ந்தவர்கள் யார்? முன்பே நிறைய வாங்கியவர்கள். அவர்களின் பழைய சராசரி 560 என்று வைத்தால், பெட்டி இல்லாமலே 13,440 வந்திருக்கும். கூடுதலாக வந்தது 960 மட்டும். அதில் மிளகாய், மல்லி, பருப்பு என்று சரக்குச் செலவு அறுபது சதவீதம் போனால் மிஞ்சுவது 384. அட்டைப்பெட்டிக்கு 25, டெலிவரிக்கு 40 என்று வைத்தால் 24 பெட்டிக்குச் செலவு 1,560. மாத முடிவில் 1,176 ரூபாய் கையிலிருந்து போயிருக்கிறது. பழகிய வாடிக்கையாளருக்குப் பெட்டி விற்பது சில்லறையை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவதுபோல. மாற்றும்போது கொஞ்சம் கீழே சிந்துகிறது. இதற்குமேல் பத்து சதவீதத் தள்ளுபடி வேறு கொடுத்தால், கேட்காமலே வாங்கிக்கொண்டிருந்தவருக்குக் கூலி கொடுத்து வாங்க வைத்ததாகிவிடும். பெரிய நிறுவனங்கள் தள்ளுபடியை அள்ளி வீசுவது முகம் தெரியாதவரை உள்ளே இழுக்க. நாற்பது பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவருக்கு அந்தச் செலவு எதற்கு?

அப்படியானால் பெட்டியே வீண் என்று முடிவுகட்டலாமா? கூடாது. அதன் உண்மையான பலன் வரவுப் பக்கத்தில் இல்லை, அரவைப் பக்கத்தில் இருக்கிறது. ஆர்டர் வரவர வறுத்து அரைப்பவர் மாதம் எட்டு முறை மில்லுக்குப் போகிறார். சின்ன அளவு கொண்டுபோனால் மெஷினில் ஒட்டிக்கொண்டு போகிற சேதாரம் விகிதத்தில் கூடுதல். முன்னால் அரைத்தவரின் வாசம் நம் பொடியில் ஏறுவதும் சின்ன அளவில்தான் அதிகம் தெரியும். பெட்டிக்கு முன்கூட்டியே எண்ணிக்கை தெரிந்தால் எட்டு நடை மூன்றாகும். ஒரு நடைக்கு ஆட்டோவும் சேதாரமும் சேர்ந்து 200 ரூபாய் என்றால் 1,000 ரூபாய் மிச்சம். மேலே பார்த்த நஷ்டத்தை ஏறக்குறைய இது ஈடுகட்டிவிடும். ஒரே நாளில் அரைத்து மறுநாளே போய்ச்சேரும் பொடி, பாட்டிலில் பத்து நாள் காத்திருந்த பொடியைவிட மணமாக இருக்கும் என்பது கூடுதல் லாபம். ஆகவே பெட்டியைச் சோதிப்பவர் எழுதிவைக்க வேண்டிய முதல் எண், மில்லுக்கு எத்தனை நடை குறைந்தது என்பது. அது குறையவில்லை என்றால், மீதி வீடுகளின் ஆர்டர்கள் பழையபடியே சிதறி வருகின்றன என்று பொருள். அப்போது பெட்டி வேலையைக் கூட்டியிருக்கிறதே தவிரக் குறைக்கவில்லை.

இனி அலமாரி. பெட்டித் திட்டங்கள் இரண்டாம், மூன்றாம் மாதத்தில் ஏன் உதிர்கின்றன என்பதற்கு ருசியைக் காரணமாகத் தேடுவார்கள். கிராம் கணக்கைப் பார்த்தால் வேறொன்று தெரியும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் பன்னிரண்டு நாள் சாம்பார், ஒரு தடவைக்கு இருபது கிராம் பொடி என்றால் 240 கிராம் செலவாகும். பெட்டியில் போவது 500. முதல் இரண்டு பெட்டி முடியும்போது 520 கிராம் மிச்சம். மூன்றாவது பெட்டி வந்திறங்கும் நாளில் டப்பாக்களில் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அது நான்கு மாதத்துக்கான பொடி. அந்த வீட்டம்மா போன் எடுத்து, "இந்த மாசம் ஊருக்குப் போறோம்ங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார். பொடி நன்றாக இல்லை என்று அவர் சொல்லவில்லை. அது உண்மையும் இல்லை. டப்பா நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். பழகியவர்களிடம் சோதிப்பதன் பெருங்குறையும் இதுதான்: முகதாட்சண்யம் சேர வைக்கிறது, அதே தாட்சண்யம் விலகும் காரணத்தை மறைக்கிறது. எனவே "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதால் பயன் இல்லை. "டப்பாவில் இன்னும் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்க வேண்டும், அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது.

இதிலிருந்து நான் வந்தடையும் முடிவு, விற்பவர்கள் பலருக்கு ரசிக்காத ஒன்று. பெட்டி, வீட்டின் தேவையைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 240 கிராம் செலவாகும் வீட்டுக்கு 200 கிராம் போகட்டும்; மற்றவையும் அதே விகிதத்தில் சுருங்கட்டும்; விலை 300-க்குள் நிற்கட்டும். "வருமானம் பாதியாகிவிடுமே" என்பது உடனே எழும் ஆட்சேபம். பெட்டியின் வருமானம் பாதியாகும், வீட்டின் வருமானம் ஆகாது. பால் அட்டை வைத்திருப்பவர் விருந்தாளி வந்தால் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்குவதைப் போல, குறைவாகப் பெற்ற வீடு இருபத்தைந்தாம் தேதி வாக்கில் இன்னும் நூறு கிராம் கேட்கும். அப்படிக் கேட்கும் ஒவ்வொரு செய்தியும் அந்த வீட்டின் உண்மையான செலவை விற்பவருக்குச் சொல்லித் தருகிறது. நிறைந்த டப்பா எதையும் சொல்வதில்லை. அந்தக் கூடுதல் நூறு கிராமுக்காகத் தனி டெலிவரி போனால் மேலே சேமித்த பணம் கரையும் என்பதும் உண்மை. வந்து எடுத்துக்கொள்ளலாம், அல்லது அடுத்த பெட்டியோடு வரும் என்று முன்பே சொல்லிவைப்பது நல்லது.

ஆவலைத் தூண்டும் பெட்டிக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உண்டு: ஒரே பொடி மாதாமாதம் வந்தால் அலுக்காதா? உதட்டுச்சாயத்தில் புதுநிறம் வந்தால் ஒரு நாள் பூசிப் பார்க்கலாம். சாம்பார்ப் பொடி அப்படியல்ல. காரம், பெருங்காயம், பூண்டு உண்டா இல்லையா என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. அந்த இடத்தில் ஆச்சரியம் தருவது ஆபத்து. ஆனால் பெட்டியின் ஓரத்தில் ஐம்பது கிராம் கொள்ளுப் பொடியோ பிரண்டைப் பொடியோ விலையில்லாமல் போகலாம். அடுத்த மாதம் எத்தனை பேர் காசு கொடுத்துக் கேட்டார்கள் என்று பார்த்தால், புதுச் சரக்கைச் சோதிக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

அடுத்த ஆட்சேபம் கனமானது: 24 வீடுகளை வைத்து என்ன தெரிந்துவிடும்? எதிர்காலம் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 24 பேரில் 20 பேர் அடுத்த மாதமும் பணம் கட்டினார்கள் என்றால் 83 சதவீதம் என்று எழுதிக்கொள்வோம். இவ்வளவு சிறிய கூட்டத்தில் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான விகிதம் ஏறக்குறைய 64-லிருந்து 93 வரை எங்கும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். மேல் எல்லையில் ஆறு மாதம் கழித்துப் பதினைந்து வீடுகள் மிஞ்சும். கீழ் எல்லையில் இரண்டு வீடுகூடத் தேறாது. இந்த எண்ணை நம்பி, புது மிளகாய் வரத்தாகும் மாசி, பங்குனியில் ஆண்டுக்கான வற்றலை மூட்டையாக வாங்கிப்போடுவது சூதாட்டம். ஆனால் விலகிய நான்கு பேரின் காரணமும் முழுதாகத் தெரியும் என்பது சிறு கூட்டத்தின் பலம். ஆயிரம் பேர் விலகினால் யாரும் ஆயிரம் போன் போடுவதில்லை. டெலிவரிச் செலவு, அரவை நடை, ஒரு பெட்டி கட்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்பவையும் 24-லேயே துல்லியமாகத் தெரிந்துவிடும். எப்போது தொடங்குகிறோம் என்பதும் பார்க்க வேண்டியது. கறிமசாலா உள்ள பெட்டியைப் புரட்டாசியில் தொடங்கினால், பெட்டியின் குறையும் மாதத்தின் விரதமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

பணம் வாங்கும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று மாத முன்பணம் வாங்கினால் சரக்கு வாங்கக் கைப்பணம் கிடைக்கும். யுபிஐ ஆட்டோபே வைத்தால் நினைவூட்டும் வேலையும் மிச்சம். நடைமுறை நிலைத்தபின் இரண்டும் நல்லவையே. சோதனைக் காலத்தில் இரண்டும் கண்ணை மறைக்கும். தானாகப் பிடிபட்ட பணம் விருப்பத்தைக் காட்டுகிறதா, மறதியைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே நான்கு மாதமாவது, அரவைக்கு இரண்டு நாள் முன்பு ஒரு வாட்ஸ்அப் செய்தி: வேண்டுமா, இந்த மாதம் விடலாமா, எதையாவது மாற்றலாமா? வாடிக்கையாளர் ஒவ்வொரு மாதமும் தானே முடிவெடுத்துத் தானே பணம் அனுப்பட்டும். ஒரு மாதம் விட்டுவிட்டு மறுமாதம் திரும்பி வருகிற வீட்டை இழப்பாக எழுதக் கூடாது. பெட்டியின் அளவு அந்த வீட்டுக்கு இரண்டு மடங்கு என்று அது சொல்கிறது.

கடைசியாக, பெட்டியில் சேராத 16 வீடுகள். அவர்களின் பழைய கணக்கு வீட்டுக்கு 285 ரூபாய், மொத்தம் 4,560. மாதத்தில் மூன்று நாள் மட்டும் அரவை என்று ஆனபின், நினைத்த நாளில் நூறு கிராம் கேட்டவர்களுக்கு "அடுத்த அரவையில தரேன்" என்ற பதில் போகத் தொடங்கும். இரண்டு முறை அந்தப் பதிலைக் கேட்டவர் மூன்றாம் முறை தெருமுனைக் கடையில் பாக்கெட் வாங்கிக்கொள்வார், சொல்லிவிட்டுப் போகமாட்டார். பெட்டிக்கென்று தனியாகப் போட்ட கணக்கில் இந்த இழப்பு எங்கும் ஏறாது. பழைய நோட்டில் அந்த 16 பெயர்களுக்கு எதிரே, மாதாமாதம் என்ன தொகை விழுகிறது என்று பார்த்தால் மட்டுமே தெரியும்.