இருபது விநாடியை எப்படி ரசிப்பது?

குறும்படத்துக்கு விமர்சனம் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நேரலைக்கு முன்னால் வருகிற அந்த 20 விநாடி டீசரை மட்டும் ‘வெறும் நோட்டீஸ்’ என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது.

அடிப்படை மூன்றுதான்: என்ன விஷயம், எப்போது, ஏன் வர வேண்டும். பலரும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதால், நேரம் திரையில் எழுத்தாகவும் இருக்க வேண்டும். அவ்வளவுதான், மேலே போவோம்.

யோங் பெங்கில் ஓர் அக்கா தீபாவளிக்கு முன் போட்ட டீசர் இது. கையில் முறுக்கு அச்சு. பிழியப் பிழிய மாவு அறுந்து விழுகிறது. “முறுக்கு இப்படி அறுந்து அறுந்து விழுதா? வியாழக்கிழமை ராத்திரி எட்டரைக்கு, மலேசிய நேரம், நேரலைக்கு வாங்க. மாவைப் பிசைஞ்சு கையோட வச்சிருங்க. கேமராவுல காட்டுனா, தண்ணி பத்தலையா கூடிப்போச்சான்னு அங்கேயே சொல்றேன்.” 16 விநாடி!

‘இன்று இரவு’ என்று சொல்லாமல் கிழமையைச் சொன்னார், கவனித்தீர்களா? டீசர் இரண்டு நாள் கழித்தும் யார் கைப்பேசியிலாவது ஓடும். அங்கே ‘இன்று’ பொய்யாகிவிடும். ‘மலேசிய நேரம்’ என்ற இரண்டு சொல் இருப்பதால்தான் மதுரையில் இருப்பவர் ஆறு மணிக்கே வந்து உட்கார்கிறார்.

இனி நான் ஊரெல்லாம் சொல்லிச் சண்டை போடுகிற விஷயம். பார்ப்பதற்கான காரணம் வேறு, வருவதற்கான காரணம் வேறு. ‘மொறுமொறு முறுக்கின் ரகசியம்’ என்றால் அது பார்ப்பதற்கு. பதிவை மறுநாள் ஓட்டிப் பார்த்தாலும் அதே ரகசியம்தான் கிடைக்கும், வியாழக்கிழமை எதற்கு? ‘உங்கள் மாவைக் காட்டுங்கள்’ என்பது வருவதற்கு. நேரலை முடிந்தால் அந்த வாய்ப்பும் முடிந்தது. பதிவில் அடுத்த வீட்டுக்காரி மாவுக்குத்தான் பதில் இருக்கும், உங்கள் மாவுக்கு இருக்காது. ஒரு டீசரைப் பார்த்ததும் ‘நாளைக்குப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், படம் எவ்வளவு பளபளத்தாலும் அது சொத்தை.

காரணம் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். பரிசு உண்டு, சிறப்பு விருந்தினர் உண்டு என்று அடுக்கினால் மாவு மறந்துபோகும். இப்போது பரவியிருக்கும் நோய் இன்னும் மோசம்: ஐந்து விநாடி மத்தள இசை, துள்ளும் எழுத்து, ‘வணக்கம் நண்பர்களே’, கடைசியில் ‘ஒரு சர்ப்ரைஸ் காத்திருக்கு’. என்ன விஷயம் என்று சொல்ல வக்கில்லாதவர் வைத்துக்கொள்ளும் பெயர்தான் சர்ப்ரைஸ்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு முறுக்குப் பிழியவே தெரியாது. அந்த வியாழக்கிழமை எட்டு இருபதுக்கெல்லாம் கிண்ணத்தில் மாவோடு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பத்தவில்லையாம்.