12 குழி 8 வீசம்

பிள்ளைச்சாவடியில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா போன ஆண்டு ஒரு பழைய கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கணவர் காலமான பிறகு பாகப்பிரிவினை நடக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளில் இரண்டு பேர் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிரான்சில் இருக்கிறார்கள். அங்கே சொத்து விவகாரங்களைப் பதிந்து கொடுக்கும் நோத்தேர் பத்திரத்தைப் பிரெஞ்சில் கேட்டிருந்தார். மாமனார் 1956இல் வாங்கிய மனை, இரண்டே பக்கம். பழகிய பத்திரநடைதான் என்பதால் சொற்கள் அரை நாளில் முடிந்துவிட்டன. எண்களுக்கு ஒரு வாரம் ஆனது.

பத்திரத்தில் நிலத்தின் அளவு "12 குழி 8 வீசம்" என்று இருந்தது. வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பத்திரங்களிலும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள். முதல் வரைவில் நான் 12,8 குழி என்று போட்டேன். பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும் என்ற நினைப்பில் கை அப்படிப் போய்விட்டது. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. எட்டு வீசம் என்றால் அரை. ஆகவே அது பன்னிரண்டரைக் குழி, பிரெஞ்சில் 12,5. நான் போட்ட எண் கால் குழிக்கும் மேலாக நிலத்தைக் கூட்டிவிட்டது. பாகம் பிரிக்கிற இடத்தில் அது ஓர் அறையின் பரப்பு.

அடுத்தது குழி. இந்தச் சொல்லை மட்டும் பார்த்து எந்தப் பட்டியலைத் திறந்தாலும் ஆபத்து. தஞ்சைப் பக்கம் ஒரு குழி என்றால் 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. அங்கே 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. புதுச்சேரிப் பக்கத்துக் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. இங்கே 100 குழி ஒரு காணி. பெயர் ஒன்று, பரப்பு நான்கு மடங்கு. நம் மனையைத் தஞ்சைக் குழியால் கணக்கிட்டால் 1,800 சதுர அடி, அதாவது 167 சதுர மீட்டர். புதுச்சேரிக் குழியால் கணக்கிட்டால் 7,200 சதுர அடி, அதாவது 669 சதுர மீட்டர். பிரான்சில் உட்கார்ந்து படிக்கும் நோத்தேருக்கு இரண்டும் நம்பக்கூடிய எண்ணாகவே தெரியும். ஒரு வீட்டுமனை 167 சதுர மீட்டரும் இருக்கலாம், 669 சதுர மீட்டரும் இருக்கலாம். கண்ணுக்கு உறுத்தாத தவறு என்பதால்தான் இதைப் பிடிப்பது கடினம்.

பிடிக்கிற வழி பத்திரத்துக்குள்ளேயே இருந்தது. நான்கெல்லை சொல்லும் பத்தியில் கிழமேல் 60 அடி, தென்வடல் 120 அடி என்று எழுதியிருந்தது. பெருக்கினால் 7,200. பன்னிரண்டரையால் வகுத்தால் ஒரு குழிக்கு 576. நூல்களில் தேடாமல், அந்தக் காகிதம் தன் குழி எந்தக் குழி என்று தானே சொல்லிவிட்டது. எல்லை அளவு இல்லாத பத்திரமாக இருந்தால் அந்த மனையின் சர்வே எண்ணைக் கொண்டு நில ஆவணத்தைப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் நில அளவை ஹெக்டேர், ஆர், சென்டியார் என்றுதான் இன்றும் எழுதுகிறோம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வழக்கம் இது. ஓர் ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். நம் மனை 6 ஆர் 69 சென்டியார். பிரெஞ்சு வாசகருக்கு இதைவிடப் பழகிய அளவு இல்லை. எங்கள் ஊரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பொம்மையார்பாளையம், தமிழ்நாடு. அங்கே அதே மனையைப் பதினாறரை சென்ட் என்பார்கள். ஒரே கடற்கரை, ஒரே மணல், பேசும் அளவு மட்டும் வேறு.

இறுதி வடிவத்தில் "12 குழி 8 வீசம்" என்பதை ஒலிபெயர்த்து அப்படியே விட்டேன். பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள், மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று அடையாளம் போட்டு, 6 ஆர் 69 சென்டியார் என்று எழுதினேன். மூலத்தை அழித்துவிட்டு மாற்றிய எண்ணை மட்டும் வைப்பது சட்ட ஆவணத்தில் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நாளைக்கு யாராவது பத்திரத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்திரம் சொன்னது எது, நான் கணக்கிட்டது எது என்று பிரித்துக் காண முடிய வேண்டும். சமையல் குறிப்போ பயணக் கட்டுரையோ என்றால் கதை வேறு. அங்கே மூல அளவை எடுத்துவிட்டு வாசகருக்குப் பழகியதை மட்டும் தரலாம். அங்கும் ஒன்று கவனிக்க வேண்டும். "ஏறக்குறைய அரைக் காணி" என்று எழுதியவரின் வாயில் 2,675.6 சதுர மீட்டர் என்ற எண்ணைத் திணிக்கக்கூடாது. அவர் குத்துமதிப்பாகச் சொன்னார். "சுமார் 27 ஆர்" என்று நாமும் குத்துமதிப்பாகவே சொல்ல வேண்டும்.

விலை ரூ. 812-8-0. பதினாறு இங்கேயும் வந்து நிற்கிறது. நடுவில் இருப்பது அணா. பதினாறு அணா ஒரு ரூபாய், ஆகவே எட்டணா ஐம்பது பைசா. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வரும்வரை இந்தக் கணக்குத்தான். 812,80 என்று எழுதினால் பிழை; 812,50 என்பதே சரி. பத்திரத்தின் ஆண்டைப் பார்க்காமல் பணத்தைத் தொடக்கூடாது என்பதற்கு இதுவே போதும். இந்தத் தொகையை யூரோவுக்கு மாற்றவில்லை. 1956இன் ரூபாயை எந்த நாளின் மாற்று விகிதத்தில் யூரோவாக்குவது? அன்று யூரோவே இல்லை. இன்றைய விகிதத்தில் போட்டால் அந்த மனை ஏழெட்டு யூரோவுக்கு விற்றதாகப் படிப்பவர் நினைப்பார். சொத்தின் இன்றைய மதிப்பை மதிப்பீட்டாளர் சொல்லட்டும். பத்திரம் சொன்ன தொகையை மட்டுமே நான் சொல்ல முடியும்.

எதிர்த்திசையில், பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வரும் காகிதங்களில் இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. இங்கே சொல்தா என்று அழைக்கப்படும் பழைய பிரெஞ்சுப் படைவீரர்களின் வீடுகளில் 1950களின் பென்சன் காகிதங்கள் இன்னும் இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன. 1958இன் காகிதம் ஒன்றில் 48 000 பிராங்க் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு யூரோ 6.55957 பிராங்க் என்பது எல்லோரும் அறிந்த விகிதம். வகுத்தால் 7,300 யூரோவுக்கு மேல் வரும், குடும்பம் திகைத்துப்போகும். ஆனால் 1960 ஜனவரி 1இல் பிரான்ஸ் தன் நாணயத்திலிருந்து இரண்டு சுழியங்களை எடுத்துவிட்டது. பழைய 100 பிராங்க் ஒரு புதிய பிராங்க் ஆனது. அந்த 48 000 முதலில் 480 ஆகி, பிறகுதான் 73 யூரோ சொச்சம் ஆகிறது. 1960க்குப் பிறகும் பல ஆண்டுகள் மக்கள் பழைய பிராங்கிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் 1960களின் கையெழுத்துக் கடிதத்தில் வரும் தொகையைத் தேதியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அச்சடித்த ரசீதில் புதிய பிராங்கைக் குறிக்கும் NF என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் அதே கடிதத்தில் வரும் வேறொரு விலையோடு, ரயில் கட்டணமோ வாடகையோ, பொருத்திப் பார்ப்பேன்.

எண்களைப் பிரித்தெழுதும் முறையையும் சொல்ல வேண்டும். நாம் 3,75,000 என்று எழுதுவதைப் பிரான்சில் 375 000 என்று இடைவெளி விட்டு எழுதுவார்கள். நம்முடைய 1,250ஐ அப்படியே விட்டுவைத்தால் ஒன்றேகால் என்று படிப்பார்கள். லட்சம், கோடி என்ற சொற்களை அப்படியே வைக்காமல் எழுத்தால் எழுதிய தொகையையும் ஆயிரம், மில்லியன் என்று பிரித்து எழுதிவிடுவதுதான் வழக்கம்.

இனித் தேதி. பத்திரத்தின் தலையில் மன்மத வருஷம் பங்குனி மாதம் என்று இருந்தது. பதிவு முத்திரையில் 7-4-1956. மன்மத வருஷம் 1955இல் பிறந்தது என்பதால் 1955 என்று போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மார்கழி பாதிக்குப் பிறகு தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழுந்துவிடும். முத்திரை இல்லாமல் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுச் சுற்றில் அது 1895-96ஆகவும் இருக்கலாம். தேதியை 7 அவ்ரீல் 1956 என்று மாதத்தை எழுத்தில் எழுதினேன். பிரான்சிலும் நம்மைப் போல நாள்தான் முதலில் வரும். இதே காகிதம் அமெரிக்காவுக்குப் போனால் 7-4 என்பது ஜூலை 4 ஆகிவிடும். எழுத்தில் எழுதிய மாதத்தை யாரும் தப்பாகப் படிக்க முடியாது.

தேதி மாற்றத்தின் முழு ஆழத்தையும் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரியிலேயே ஒரு பெரும் சான்று இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6இல், நள வருஷம் ஆவணி மாதத்தில் தொடங்குகிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை ஃபிரடெரிக் பிரைஸும் ரங்காச்சாரியும் பதிப்பிக்கத் தொடங்க, 1904 முதல் மதராஸ் அரசு அச்சகம் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. இன்றைய காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தமிழ்த் தேதிகளை மாற்ற முடியாது. செப்டம்பர் 6 இன்று ஆவணி 21 வாக்கில் வரும். சித்திரை முதல் நாள் இன்று ஏப்ரல் 14; பிள்ளையின் காலத்தில் அது ஏப்ரல் 9, 10 வாக்கில் வந்தது. நம் சூரிய ஆண்டு கிரெகோரியன் ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம். நூற்றாண்டுக்கு ஒன்றரை நாளுக்கும் மேலாகத் தள்ளிப்போகும். ஆகவே அன்றைய தமிழ்த் தேதியை இன்றைய காலண்டரில் பார்த்தால் நான்கைந்து நாள் பிந்திய ஆங்கிலத் தேதி கிடைக்கும்.

அந்தக் காலத்தில் எதிரிகளாக இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் தேதியே ஒன்றாக இல்லை. பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே மதராஸைப் பிடித்தது பிரெஞ்சு ஆவணங்களில் 1746 செப்டம்பர் 21. அதே நாள் ஆங்கிலேயர் ஏடுகளில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர்கள் கிரெகோரியன் காலண்டருக்கு மாறி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆங்கிலேயர் 1752இல்தான் மாறினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் அவர்களுக்கு 14 ஆனது. கோட்டை விழுந்த தேதியை மொழிபெயர்ப்பவர் எந்த ஏட்டிலிருந்து எடுத்தாரோ அந்தக் காலண்டரைச் சொல்லாமல் விட்டால், ஒரே சம்பவம் இரண்டாகிவிடும்.

இதற்கும் ஒரு சோதனை உண்டு, காலண்டர் எதுவானாலும் கிழமை மாறாது என்பதே அது. கிரெகோரியனில் 1746 செப்டம்பர் 21 புதன். ஜூலியனில் செப்டம்பர் 10உம் புதன். பிள்ளையைப் போலக் கிழமையையும் எழுதிவைக்கிறவர்களின் ஏடு கையில் இருந்தால், மாற்றிய தேதியின் கிழமையைக் கணக்கிட்டு ஒப்பிட்டாலே போதும். கிழமை பொருந்தாவிட்டால் மாற்றம் எங்கோ சறுக்கியிருக்கிறது.

அந்த அம்மாவின் பத்திரத்திலும் அதைச் செய்தேன். உள்ளே கடைசி வரியில், மை மங்கி, சனிக்கிழமை என்று எழுதியிருந்தது. 1956 ஏப்ரல் 7ஐக் கணக்கிட்டுப் பார்த்தேன். சனிதான்.